டேக்கோ போட்டதும் ஆட்டம் அடங்குகிறது, பின்தங்கல் ஏன் கூடுகிறது? பொசிஷன் சர்வோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வக மேசையில் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே சர்வோவை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு சிறிய டிசி மோட்டார், 30:1 கியர், வெளித்தண்டில் கோணத்தை அளக்கும் பொட், மோட்டார் தண்டிலேயே வேகத்துக்கேற்ப மின்னழுத்தம் தரும் ஒரு டேக்கோ ஜெனரேட்டர், அந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு பின்னூட்டமாகப் போக வேண்டும் என்று திருகி வைக்க இன்னொரு பொட், நடுவில் ஒரு பெருக்கி. மோட்டாரும் சுமையும் சேர்ந்த கால மாறிலி τ = 0.1 விநாடி. வளையத்தின் மொத்த கெயின் K = 40. அதாவது 1° பிழை இருந்தால், டேக்கோ இல்லாதபோது தண்டு விநாடிக்கு 40° வேகத்தை நோக்கிப் போகும்.

"கெயினைக் கூட்டினா வேகமா வருது, ஆனா ஆடுது. கெயினைக் குறைச்சாலே ஆட்டம் நின்னுடுமே, டேக்கோ எதுக்கு?"

ஆட்டம் நிற்கும், உண்மைதான். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

K = 40 இல் தணிப்பு விகிதம் ζ = 0.25. ஒரு ஸ்டெப் கொடுத்தால் தண்டு இலக்கைத் தாண்டி 44% வரை போய்த்தான் திரும்பும். ζ-வை 0.7 ஆக்க வேண்டுமென்றால் கெயினை 5.1 வரை இறக்க வேண்டும். அப்போது ஓவர்ஷூட் 5%-க்குள் வந்துவிடுகிறது. ஆனால் அடங்கும் நேரம்? K = 40 இல் சுமார் 0.8 விநாடி. K = 5.1 இலும் அதே 0.8 விநாடிதான்!

இதைக் கேட்டதும் பலரும் நம்ப மறுப்பார்கள். ஆட்டத்தின் உறை எவ்வளவு விரைவில் சுருங்கும் என்பதை ζωn தீர்மானிக்கிறது, இதில் ωn என்பது சர்வோவின் இயல்பு அதிர்வெண். டேக்கோ இல்லாத இந்தச் சர்வோவில் அது எப்போதும் 1/(2τ), அதாவது விநாடிக்கு 5. கெயின் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. கெயினைத் திருகினால் ஆட்டத்தின் வேகம் மாறும், அது சாகும் வேகம் மாறாது. மாற்ற வேண்டுமென்றால் அமைப்புக்குள் புதிதாக ஒரு தணிப்பு வர வேண்டும். அதற்குத்தான் டேக்கோ.

கெயினைக் குறைப்பதில் இன்னொரு இழப்பும் உண்டு. தண்டைக் கையால் பிடித்துத் தள்ளினால் முன்னைவிட எட்டு மடங்கு எளிதாக நகரும். உராய்வும் அதே எட்டு மடங்கு பிழையைத் தரும்.

"டேக்கோவை மாட்டினா உள்ளே என்னதான் நடக்குது?"

டேக்கோ இல்லாதபோது மோட்டாருக்குத் தெரிவது பிழை ஒன்றுதான். பிழை இருக்கும்வரை முன்னே தள்ளும். பிழை சுழியாகும் கணத்தில் தண்டு நல்ல வேகத்தில் இருக்கும். அதை நிறுத்த யாரும் இல்லாததால் தாண்டி ஓடுகிறது.

டேக்கோ மாட்டிய பிறகு பெருக்கிக்குப் போவது இதுதான்:

```
u = பிழை − Kt × வேகம்
```

டேக்கோ பின்னூட்டத்தின் அளவான Kt = 0.045 விநாடி என்று வையுங்கள். தண்டு விநாடிக்கு 100° வேகத்தில் இலக்கை நெருங்குகிறது. அப்போது வேகப் பகுதி மட்டும் 4.5°. ஆக, இன்னும் 4.5° மீதி இருக்கும்போதே பெருக்கியின் உள்ளீடு சுழியாகிவிடும். அதற்கும் உள்ளே போனால் குறி மாறி, மோட்டாரே எதிர்த்திசையில் இழுக்கும். பேருந்து நிறுத்தம் வருவதற்கு முன்பே ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதைப் போல. வேகம் அதிகமென்றால் முன்னதாகவே மிதிப்பார், ஊர்ந்து வந்தால் கடைசியில் மிதிப்பார். டேக்கோவும் அப்படித்தான்.

சமன்பாட்டில் அது இப்படித் தெரியும்:

```
டேக்கோ இல்லாமல்:  τs² + s + K = 0
டேக்கோவுடன்:      τs² + (1 + K·Kt)s + K = 0

ωn = √(K/τ)
ζ  = (1 + K·Kt) / (2√(K·τ))
```

நடுவில் உள்ள உறுப்பு மட்டும் பெரிதாகிறது. ωn தொடப்படவில்லை, இங்கே 20 ரேடியன்/விநாடியாகவே இருக்கிறது. K·Kt = 1.8 ஆக இருப்பதால் ζ = 2.8/4 = 0.7. ஓவர்ஷூட் 44%-இலிருந்து 5%-க்குள். அடங்கும் நேரம் 0.8-இலிருந்து 0.29 விநாடி.

"நிலைத்த பிழை மாறாதுன்னு ஒரு புத்தகம் சொல்லுது, கூடும்னு இன்னொண்ணு சொல்லுது. எதை நம்புறது?"

இரண்டும் சரிதான். எந்த உள்ளீட்டுக்கு என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஸ்டெப் உள்ளீட்டில் கடைசியில் தண்டு நின்றுவிடும். நின்ற தண்டில் டேக்கோ சுழி வோல்ட்தான் தரும். அது இருப்பதே பெருக்கிக்குத் தெரியாது. எனவே பிழை முன்பும் சுழி, இப்போதும் சுழி. சுமை தண்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றால் வரும் சிறு விலகலும் இதே காரணத்தால் மாறாது. மாணவர்களை நான் தண்டைக் கையால் பிடித்துத் திருகச் சொல்வேன். டேக்கோ பொட்டை முழுக்கத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை. மெதுவாகத் தள்ளினால் இரண்டிலும் ஒரே விறைப்பு. சட்டென்று தள்ளினால்தான் டேக்கோ இருப்பது கைக்குத் தெரியும், தேன் பாட்டிலுக்குள் கரண்டியைச் சுழற்றுவது போல.

ராம்ப் உள்ளீடு வேறு கதை. இலக்கு விநாடிக்கு 10° என்று ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்டும் அதே வேகத்தில் பின்னால் ஓடுகிறது. டேக்கோ இல்லாதபோது அந்த வேகத்தைத் தர 10/40 = 0.25° பிழை போதும். இப்போது டேக்கோ விடாமல் 0.45°-ஐக் கழித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கும் ஈடு கொடுத்து, வேகத்துக்கும் தர வேண்டுமென்றால் பிழை 0.25 + 0.45 = 0.7° ஆக வேண்டும்.

```
ராம்ப் பிழை = வேகம் × (1/K + Kt)
```

இந்தப் பிழை ஒரு பழுதல்ல. இலக்கை நெருங்கும்போது பிரேக் பிடித்த அதே மின்னழுத்தம்தான், சீரான ஓட்டத்திலும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெருங்கிக்கொண்டிருக்கிறோமா, கூடவே ஓடிக்கொண்டிருக்கிறோமா என்று டேக்கோவால் பிரித்தறிய முடியாது.

இலக்கு நிலையாக நிற்கும் வேலைகளில் இந்தச் செலவே கிடையாது. பொறியாளர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் கப்பல் தானாகத் திசைபிடிப்பது பற்றி எழுதியபோது, கப்பல் திரும்பும் வேகத்தையும் சுக்கானுக்குச் சேர்த்துத் தரச் சொன்னார். பிடிக்க வேண்டிய திசை மாறாத ஒன்று. சேர வேண்டிய இடத்தில் திரும்பும் வேகம் சுழி. அதனால் தணிப்பு இலவசமாகவே கிடைத்தது.

"0.25° இருந்தது 0.7° ஆயிடுச்சு. இது நஷ்டம்தானே?"

K = 40 உடன் ஒப்பிட்டால் நஷ்டம்போலத் தெரியும். ஆனால் 44% தாண்டி ஆடும் சர்வோவை யாரும் அப்படியே வேலைக்கு விடமாட்டார்கள். உங்கள் முன் இருக்கும் உண்மையான மாற்று, கெயினை 5.1-க்கு இறக்கிய சர்வோதான். அதன் ராம்ப் பிழை 10/5.1, ஏறத்தாழ 1.96°. அதே ζ = 0.7-ஐ டேக்கோவால் அடைந்தால் 0.7°. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலான குழப்பமும் இருக்கிறது.

இதைப் பொதுவாகச் சொல்ல ஒரு அழகான உறவு உண்டு. இந்த வகைச் சர்வோவில் டேக்கோ இருந்தாலும் இல்லாவிட்டாலும்,

```
ராம்ப் பிழை = வேகம் × 2ζ/ωn
```

ζ-வை 0.7 என்று நிறுத்திவிட்டால் பிழையைக் குறைக்க ஒரே வழி ωn-ஐ ஏற்றுவது, அதாவது K-வை ஏற்றுவது. டேக்கோ இல்லாமல் K-வை ஏற்றினால் ζ சரியும். டேக்கோ இருந்தால் K-வை ஏற்றி, Kt-ஐத் திருகி ζ-வைத் திரும்பக் கொண்டுவரலாம். K = 160 ஆக்குங்கள். ωn = 40, ζ = 0.7-க்குத் தேவையான Kt வெறும் 0.029, ராம்ப் பிழை 0.35°. டேக்கோ வாங்கித் தரும் தணிப்பை அப்படியே வைத்துக்கொள்ளாமல், கெயினை ஏற்றுவதற்குச் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து. டேக்கோவை மாட்டிவிட்டுக் கெயினைத் தொடாமல் விடுபவர்கள் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

"அப்போ கெயினை ஏத்திக்கிட்டே போகலாமா?"

டேக்கோ இல்லாத பழைய 0.25°-ஐயே ζ = 0.7 உடன் அடைய K ≈ 314 வேண்டும். தாளில் தடையில்லை. மேசையில் தடை வரும்.

முதலில் வருவது டேக்கோவின் வடிகட்டி. கம்யூட்டேட்டர் சிற்றலையை மழுக்க 10 மில்லிவிநாடி வடிகட்டி போட்டிருப்போம். K = 40 இல் டேக்கோ வழியே மூடும் உள்வளையம் மெதுவானது என்பதால் அது தெரியாது. K = 314 இல் உள்வளையத்தின் குறுக்கு அதிர்வெண் 70 ரேடியன்/விநாடியை நெருங்கும். அங்கே அதே வடிகட்டி 30°-க்கு மேல் கட்டத்தைப் பின்தள்ளும். நாம் ஒதுக்கிவிட்ட ஆர்மேச்சர் சுருளின் தாமதமும், தண்டின் முறுக்க நெகிழ்வும் அப்போதுதான் தலைகாட்டும். மோட்டாரிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்கும், கையை வைத்தால் மெல்லிய அதிர்வு. ஓவர்ஷூட் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும், இது காதுக்குத்தான் முதலில் தெரியும். ரீங்காரம் கேட்ட இடத்தில் Kt-ஐ மேலும் கூட்டினால் அது அடங்காது, வலுக்கும். ஆட்டம் என்றாலே டேக்கோவைக் கூட்டும் பழக்கம் வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பெருக்கி உச்சத்தைத் தொடுவது அடுத்தது. பெரிய ஸ்டெப்பில் பெருக்கி முட்டி நிற்கும்போது மேலே சொன்ன ζ கணக்கு எதுவும் பொருந்தாது. 2° ஸ்டெப்பில் அழகாக வந்து, 60° ஸ்டெப்பில் தாண்டினால் இதைச் சந்தேகியுங்கள்.

"Kt = 0.045ன்னு கணக்கு வந்துச்சு. பொட்டை எங்கே வைக்கணும்?"

Kt விநாடி அலகில் இருப்பது, வேகக் குறியையும் கோணக் குறியையும் ஒரே அளவுகோலில் பார்ப்பதால். நம் கோணப் பொட் 1°-க்கு 0.1 வோல்ட் தருகிறது. எனவே வெளித்தண்டின் வேகம் விநாடிக்கு 1° ஆகும்போது 0.1 × 0.045 = 0.0045 வோல்ட் பின்னூட்டமாக வர வேண்டும்.

டேக்கோ 1000 ஆர்பிஎம்முக்கு 7 வோல்ட். 1000 ஆர்பிஎம் என்பது மோட்டாரில் விநாடிக்கு 6000°. 30:1 கியருக்குப் பிறகு வெளித்தண்டில் 200°. 7/200 = 0.035 வோல்ட். நமக்கு வேண்டியது 0.0045. பொட்டை முழு வீச்சில் சுமார் 13% இல் வைக்க வேண்டும். கியரை மறந்துவிடுவதே இங்கே வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் விடை 30 மடங்கு தள்ளிப்போய், 100%-க்கு மேல் பொட் வேண்டும் என்று வரும்.

"டேக்கோவை இணைச்சதும் மோட்டார் ஒரே பக்கமா ஓடி ஸ்டாப்பர்ல இடிச்சுது. டேக்கோ கெட்டுப்போச்சா?"

டேக்கோ நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வயர்கள் மாறியிருக்கின்றன. அப்போது நடு உறுப்பு 1 − 1.8 = −0.8. தணிப்புக்குப் பதில் தூண்டல்.

அடுத்த முறை பொட்டைச் சுழியில் வைத்து இணைத்து, சிறு ஸ்டெப்களைக் கொடுத்தபடியே மெல்லத் திருகுங்கள். 44% ஓவர்ஷூட் குறைய ஆரம்பித்தால் வயர் சரி. கூடினால் உடனே நிறுத்தி வயர்களை மாற்றுங்கள். தலைகீழாக இருந்தால் 7% பொட்டிலேயே Kt = 0.025 ஆகி, தணிப்பு முழுக்கச் சுழியாகித் தொடர்ந்து ஆடும். அதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"தணிப்பு வேணும், பின்தங்கல் வேண்டாம். வழி இருக்கா?"

இருக்கிறது. இலக்கு எப்படி நகரும் என்பது முன்னமே உங்கள் கையில் இருந்தால், நான் முதலில் பரிந்துரைப்பது வேக முன்னூட்டு. இலக்கின் வேகத்தை 0.07-ஆல் பெருக்கிப் பெருக்கியின் உள்ளீட்டில் கூட்டுங்கள். அது டேக்கோ கழிக்கும் 0.045-ஐயும், மோட்டாருக்குத் தேவையான 0.025-ஐயும் சேர்த்துக் கொடுத்துவிடும். ராம்ப் பிழை உராய்வளவுக்கு இறங்கும். பண்புச் சமன்பாட்டைத் தொடாததால் தணிப்புக்கும் ஒன்றும் ஆகாது.

வேகத்தை அளக்காமல் பிழையையே வகையிட்டுச் சேர்ப்பவர்களும் உண்டு. ζ அதே அளவு கூடும், ராம்ப் பிழை 0.25°-இலேயே நிற்கும். இலக்கும் தண்டும் ஒரே வேகத்தில் ஓடும்போது பிழையின் மாற்றம் சுழி என்பதே காரணம். ஆனால் ஸ்டெப் வந்த கணத்தில் வகையீடு ஒரு பெரிய உதையைக் கொடுக்கும், பெருக்கி முட்டிக்கொள்ளும். அதன் கூடவே வரும் சுழியத்தால் அதே ζ-விலும் ஓவர்ஷூட் கூடுதலாக இருக்கும்.

அனலாக் காலத்து உத்தி இன்னொன்று. டேக்கோவுக்குத் தொடராக ஒரு மின்தேக்கியை வைத்து, சீரான வேகத்தின் நேர்மின்னழுத்தத்தை மறிப்பது. மாற்றம் நடக்கும்போது டேக்கோ இருக்கும், சீராக ஓடும்போது இருக்காது. நம் சர்வோவில் 0.5 விநாடி மாறிலியுடன் இதைச் செய்தால் வேகமான வேர்களின் ζ 0.73 ஆகவே இருக்கும், ராம்ப் பிழையும் கடைசியில் 0.25°-க்குத் திரும்பும். கூடவே 0.45 விநாடிக் கால மாறிலியுடன் ஒரு மெதுவான வேரும் முளைக்கும். ஸ்டெப்பில் தண்டு இலக்குக்குச் சற்று மேலே போய் உட்கார்ந்து, வால்போல் இழுத்துக்கொண்டு இறங்கும். அந்த வால் பொறுக்கக்கூடிய இடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

"எங்கிட்ட டேக்கோ இல்ல, என்கோடர்தான் இருக்கு. ஒண்ணுதானே?"

கணக்கு ஒன்றுதான். நிரலில் இந்த இரண்டு வரிகளில் எது இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்:

```
u = Kp*(ref - pos) - Kd*vel
u = Kp*(ref - pos) + Kd*(refvel - vel)
```

முதலாவது டேக்கோ, ராம்ப்பில் பின்தங்கும். இரண்டாவது, டேக்கோவோடு முன்னூட்டும் சேர்ந்தது.

வேறுபாடு வேகத்தைக் கணிக்கும் இடத்தில் வருகிறது. மோட்டார் தண்டில் சுற்றுக்கு 2000 எண்ணிக்கை, 1 மில்லிவிநாடிக்கு ஒரு வாசிப்பு என்று வையுங்கள். ஒரு எண்ணிக்கை 0.18°, ஆகவே அளக்கக்கூடிய மிகச் சிறிய வேகம் விநாடிக்கு 180°. வெளித்தண்டு விநாடிக்கு 10° ஓடும்போது மோட்டார் 300°. உங்கள் வேகக் கணிப்பு 180-க்கும் 360-க்கும் இடையே குதித்துக்கொண்டே இருக்கும், அதை Kd பெருக்கி மோட்டாருக்கு அனுப்பும். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. அதை மழுக்கப் போடும் வடிகட்டிக்கு முன்னே சொன்ன எல்லை பொருந்தும்.

"ராம்ப் பிழையை அளந்தா கணக்கை விட எப்பவும் அதிகமா வருது. ஏன்?"

உராய்வு. ஒரே வேகத்தில் அளந்தால் அதைப் பிரிக்க முடியாது. முக்கோண அலையை இலக்காகக் கொடுத்து, பிழைக் குறியை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். சரிவு சீரான பகுதியில் பிழையும் தட்டையாக நிற்கும். அந்தத் தட்டை உயரத்தை இரண்டு வேகங்களில் எழுதிக்கொள்ளுங்கள்.

விநாடிக்கு 10°-இல் 0.9°, 20°-இல் 1.6° வந்தது என்று வையுங்கள். வேகம் 10° கூடியதற்குப் பிழை 0.7° கூடியது. சாய்வு 0.07 விநாடி, கணக்கிட்ட 1/K + Kt அதேதான். கோட்டைச் சுழி வேகத்துக்கு நீட்டினால் 0.2° மிஞ்சும். அது உராய்வின் பங்கு. இனி டேக்கோவைக் கழற்றிவிட்டு அதே அளவீட்டைச் செய்யுங்கள். முக்கோணத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் தண்டு ஆடும், அது ஓயும் வரை காத்திருந்து படியுங்கள். சாய்வு 0.025-க்கு இறங்கியிருக்கும், 0.2° அப்படியே இருக்கும். அந்த 0.2°-ஐக் குறைக்க K-வைத்தான் ஏற்ற வேண்டும். K = 160 இல் அது 0.05° ஆகும். கெயினை 5.1-க்கு இறக்கிய சர்வோவில் அதுவே 1.5°-க்கு மேல் போய்விடும்.